‘100% வோட்டர்புரூவ்’ என்று எழுதியது நான்தான்

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலமை ஏழே முக்காலுக்கு போன் வந்தது. எடுத்தவுடனே அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுசனின் குரல், மெதுவாக, ஆக்கள் கேட்டிடுவினமோ எண்ட மாதிரி.

“தம்பி, உங்களிட்ட வாங்கின மழைக்கோட் மேல நனையேல்லை. இருந்த இடம் முழுக்க நனைஞ்சிட்டுது. இப்ப பிள்ளையளுக்கு முன்னால நான் எப்பிடி எழும்பி நிக்கிறது?”

அவர் கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிற ஒரு சேர். சாவகச்சேரியில் இருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர். அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும், ஆனையிறவில் ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் தண்ணி, நடுவில் றோட்டு, மழை மேலே இருந்து வராது, பக்கத்தில் இருந்துதான் வரும். அப்படியொரு றோட்டில் ஓடுவதற்கு நம்பி வாங்கிய கோட். விலை 2,450 ரூபா, டெலிவரி வேறை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சேர், வேர்வையா இருக்கும்” எண்டு சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் கிடக்கு. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது தேவை.

என்ர மச்சாள் பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறா. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து இங்கே சில்லறையாக விற்பா. மழைக்காலத்தில் குடையும் மழைக்கோட்டும். படம் எடுக்கிறதும் பொருள் விபரம் எழுதுறதும் என்ர வேலை. அந்தக் கோட்டுக்கு நான் எழுதிய விபரம் முழுசாக இதுதான்: “100% வோட்டர்புரூவ். உயர்தரத் துணி. ஃப்ரீ சைஸ். பையில் வைக்கலாம். இன்பொக்ஸில் வரவும்.” ஐந்து வசனம். ஐந்தில் கடைசியைத் தவிர ஒன்றுகூட எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. பைக்கற்றில் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுதினது, மிச்சம் மற்றப் பக்கங்களில் பார்த்துப் பழகினது.

எங்கட பக்கம் மட்டும் இல்லை. இண்டைக்கு நீங்கள் போனை எடுத்து மழைக்கோட் எண்டு தேடிப் பாருங்கோ. எல்லாமே நூறு வீதம். எண்பது வீதம் எண்டு ஒருத்தரும் எழுதிறேல்லை. இந்த நூறு எந்த நூறில் நூறு எண்டு கேட்டால் விற்கிறவருக்கும் தெரியாது, வாங்கிறவரும் கேட்கிறேல்லை. கோயில் திருவிழா நோட்டீசில் எல்லாரையும் ‘கலாநிதி’ ஆக்கிற மாதிரி, எல்லாத் துணியையும் வோட்டர்புரூவ் ஆக்கிவிட்டோம்.

சரி, நீர்புகா எண்டால் உண்மையில் என்ன?

துணிக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 811 என்பது அதன் இலக்கம். துணித் துண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்தில் தண்ணியின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றப் பக்கத்தில் துளி கசிகிறதா எண்டு பார்ப்பார்கள். மூன்றாவது இடத்தில் துளி தெரிகிற நேரத்தில் இருந்த அழுத்தம்தான் அந்தத் துணியின் அளவு. அதை மில்லிமீற்றரில் சொல்வார்கள். 1500 மில்லிமீற்றர் எண்டால், அந்தத் துணிக்கு மேலே ஒன்றரை மீற்றர் உயரத்துக்குத் தண்ணி நிண்டால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவைத் தாங்கியது எண்டு அர்த்தம். அவ்வளவுதான் விஷயம், மந்திரம் ஒண்டுமில்லை. இதில் ‘நூறு வீதம்’ எண்டு ஒரு விடையே வராது. இலக்கம்தான் வரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. துணியைச் சாய்வாக வைத்து மேலே 250 மில்லிலீற்றர் தண்ணியைத் தெளித்து, எவ்வளவு ஒட்டிக்கொண்டு நிற்குது எண்டு பார்க்கிறது. அது தண்ணியை உருட்டி விடுகிற குணத்தைப் பார்க்கிற சோதனை. தாமரை இலையில் தண்ணி உருளுகிற மாதிரி. புதுக் குடையில் தண்ணி முத்து முத்தாக உருண்டு விழுகிறதைக் காட்டி வீடியோ போடுவார்களே, அது இந்தக் குணம். உருளுகிற துணி எல்லாம் அழுத்தத்தைத் தாங்கும் எண்டு இல்லை. அந்தப் பூச்சு சில மாதப் பாவனையிலும் தோய்ச்சலிலும் குறைந்துவிடும். ஆகவே ஒரு கரண்டித் தண்ணி ஊற்றி உருட்டிக் காட்டுகிற வீடியோ எதையும் நிரூபிக்கவில்லை. நானும் அப்படி ஒண்டு எடுத்துப் போட்டனான், நிறைய லைக் விழுந்தது.

இனி அந்தச் சேரின் கோட்டுக்கு வருவோம். கூரியரில் திரும்பி வந்தது. மச்சாள் காசைத் திருப்பிக் கொடுத்திட்டா. எனக்குத்தான் மனம் ஆறேல்லை, வேர்வை எண்டு சொன்னது குத்திக்கொண்டே இருந்தது. உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

வேர்வையா ஒழுக்கா எண்டு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை எண்டு அப்பதான் விளங்கினது. வேர்வை ஈரம் பரவலாக இருக்கும். முதுகு, கை, அக்குள் எண்டு எங்கும் ஒரே மாதிரி ஒட்டும். ஒழுக்கு கோடு பிடித்து வரும், தையலை ஒட்டி. சேர் சொன்னது கவட்டுப் பக்கம் மட்டும். அந்தக் காற்சட்டையின் கவட்டில் நாலு தையல் ஒரு இடத்தில் வந்து சந்திக்குது. மேல்சட்டையின் தோளிலும் தொப்பியிலும் தையலுக்கு மேலே, உள்பக்கம், ஒரு விரல் அகலத்துக்கு மினுங்கிற ரேப் ஒட்டியிருந்தது. கவட்டில் அது இல்லை. வெறும் நூல்.

ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. ஒரு சென்ரிமீற்றருக்கு மூன்று தையல் எண்டு வைத்துக்கொண்டாலும், அறுபது சென்ரிமீற்றர் தையலில் நூற்றி எண்பது ஓட்டை. துணிக்கு எத்தனை மில்லிமீற்றர் எண்டு பெருமையாகச் சொன்னாலும் இந்த ஓட்டைகளுக்கு அது பொருந்தாது. இதனால்தான் மழை உடுப்புகளுக்கான ஐரோப்பிய நியமமான ஈ.என். 343 துணியை மட்டும் இல்லை, தையலையும் சோதிக்கச் சொல்லுது. எங்கட பக்கங்களில் தையல் எண்ட சொல்லையே நான் ஒருநாளும் காணேல்லை.

நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வீட்டில் மிஞ்சிக் கிடந்த இரண்டு அங்குலத் தண்ணிப் பைப், நாலு அடி நீளம், கிட்டத்தட்ட 1.2 மீற்றர். ஒரு முனையை அந்தக் காற்சட்டைத் துணியால் மூடி, துணியின் வெளிப்பக்கம் தண்ணியில் படுகிற மாதிரி வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். பைப்பை நிமிர்த்திப் பிடித்து மேலால் தண்ணி விட்டேன். நிரம்ப இரண்டரை லீற்றர் காணும். கட்டின விளிம்பில் கசிகிறதைக் கணக்கெடுக்கக் கூடாது, நடுத்துணியைத்தான் பார்க்க வேணும்.

தையல் இல்லாத இடம், பைப் நிரம்பி பத்து நிமிடம் வரை ஒரு துளி விடவில்லை. அதே காற்சட்டையின் கவட்டுத் தையலை நடுவில் வைத்துக் கட்டினேன். தண்ணி ஒரு சாண் உயரம் வரமுதலே சொட்டத் தொடங்கிவிட்டது.

மோட்டார் சைக்கிளில் இருக்கிறபோது என்ன நடக்குது எண்டு கணக்குப் போட்டுப் பாருங்கோ. மழைத் தண்ணி மடியில் தேங்கி, சீற்றில் வழிந்து, தொடைக்கு அடியில் நிற்கும். ஒருவரின் பாரத்தில் 50 கிலோ சீற்றில் இறங்குது, அது 500 சதுர சென்ரிமீற்றர் இடத்தில் பரவுது எண்டு வைப்போம். அப்ப ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 கிராம். அது ஒரு மீற்றர் உயரத் தண்ணியின் அழுத்தம். எலும்பு படுகிற இடத்தில் இன்னும் கூட. இது பருமட்டான கணக்குத்தான், ஆனால் ஒரு சாணில் சொட்டின தையல் ஒரு மீற்றருக்கு என்ன செய்யும் எண்டு விளங்க இது காணும். நடந்து போகிற ஒருவருக்கு இதே கோட் பிரச்சினையே தராது. நிற்கிறவருக்குத் தண்ணி மேலால் வழிந்து போகும், அழுத்தம் இல்லை. அதாவது, பிழை கோட்டில் மட்டும் இல்லை. யாருக்கு, எந்தப் பாவனைக்கு எண்டு சொல்லாமல் விற்றதில்தான் பெரிய பிழை.

இதைச் சொன்னால் வருகிற முதல் பதில்: “2,450 ரூபாக்கு வேறை என்ன எதிர்பாக்கிறாய்?” சரி. 2,450 ரூபாக்கு ரேப் இல்லாத கவட்டுத்தையலை எதிர்பார்க்கலாம். அதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. மலிவான சாமான் விற்கிறது குற்றமில்லை, எங்கட சனத்தில் பாதிப் பேருக்கு மலிவான சாமான்தான் கட்டும். ஆனால் நூறு வீதம் எண்டு எழுதினபோது அந்த விலைக்கான குறையை மறைத்து, கூடின விலைச் சாமானின் பெயரை எடுத்து ஒட்டுறம். உண்மையை எழுதியிருந்தால் சேர் ஒண்டில் வேறை கோட் வாங்கியிருப்பார், இல்லாவிட்டால் இதையே வாங்கி உள்ளே ஒரு பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார். இரண்டில் எது எண்டு முடிவெடுக்கிற உரிமை அவருடையது. அதைத்தான் நான் பறித்தேன்.

இரண்டாவது பதில்: “எல்லாரும் அப்பிடித்தான் எழுதினம், நாங்கள் மட்டும் எழுதாட்டி ஆர் வாங்குவினம்?” இதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. விபரத்தை மாற்றி எழுதின கிழமை எங்களுக்கு ஓடர் குறைஞ்சது. மச்சாள் இரண்டு நாள் என்னோட சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எல்லாரும் செய்தால் பரவாயில்லை எண்டு சொல்லவில்லை. வியாபாரத்தில் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிற நடத்தையையும், பொருளின் தரத்தைப் பற்றிய பொய்யான கூற்றையும் அது தடைசெய்கிறது. “பைக்கற்றில் அப்படித்தான் போட்டிருந்தது” எண்டு நான் அந்தச் சேரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: “பைக்கற்றிட்டயோ நான் வாங்கினனான்?”

துணி விஷயத்துக்கு வருவோம். ‘உயர்தரத் துணி’ எண்டு எழுதுகிறது ‘நல்ல சாப்பாடு’ எண்டு எழுதுகிற மாதிரி. கோழியா மரக்கறியா எண்டு தெரியாது. மழைக்கோட்டில் எங்கட சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று பி.வி.சி. தொட்டால் றபர் மாதிரி, புதிசில் மணக்கும், பாரம். அதன் இணைப்புகளைச் சூட்டால் உருக்கி ஒட்டியிருந்தால் ஊசி ஓட்டையே இல்லை, தண்ணி உண்மையாகவே போகாது. ஆனால் காற்றும் போகாது, பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டும். மடித்து வைத்தால் காலப்போக்கில் மடிப்பில் வெடிக்கும். மற்றது பொலியெஸ்ரர் அல்லது நைலோன் துணியில் உள்பக்கம் பொலியூரிதேன் பூசினது. மெல்லிசு, பாரமில்லை, மடிக்க இலகு. ஆனால் அந்தப் பூச்சுக்கு ஈரமும் வெக்கையும் எதிரி. நனைஞ்ச கோட்டைச் சுருட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து, அடுத்த மழைக்குத்தான் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், உள்பக்கம் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரிந்து சேட்டில் ஒட்டும். எங்கட காலநிலையில் இது நடக்கத்தான் செய்யும். காய வைத்து மடியுங்கோ எண்டு ஒரு வசனம் எழுதினால் கோட் இன்னொரு மழைக்காலம் இருக்கும். ஏன் ஒருத்தரும் எழுதிறேல்லை? எழுதினால் அது பழுதாகும் எண்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

‘ஃப்ரீ சைஸ்’ பற்றி அதிகம் சொல்ல ஒண்டுமில்லை. அப்படி ஒரு மனிதர் பிறக்கவில்லை. கோட்டை மேசையில் விரித்து அக்குளில் இருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் நெஞ்சுச் சுற்றளவு. முதுகு நீளம், கை நீளம், காற்சட்டையின் உள்கால் நீளம். அளவு நாடா இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேணும்: மோட்டார் சைக்கிளில் இருந்தவுடன் முழங்கால் மடிந்து காற்சட்டை மேலே ஏறும். எங்கட கோட் நிற்கும்போது கணுக்காலை மூடினது, இருந்து பார்த்தால் ஒரு சாண் மேலே. அந்த ஒரு சாணுக்குள்ளால் வழிகிற தண்ணி நேரே சப்பாத்துக்குள். எனவே இருந்தபடி ஒரு படம் போட வேணும். நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து நிற்கிற சீனத்து மொடலின் படத்தைத்தான் போடுறம், அவர் வாழ்க்கையில் ஸ்கூட்டி ஓடினாரோ தெரியாது.

இன்னுமொன்று, சேலை. எங்கட ரீச்சர்மார் சேலையோடு ஸ்கூட்டி ஓடுகினம். காற்சட்டை உள்ள மழைக்கோட் சேலைக்கு மேலே போட ஏலாது. ‘ஆண், பெண் இருபாலாருக்கும்’ எண்டு நான் எழுதின வரியைப் பார்த்து வாங்கின ஒரு அக்கா, மேல்சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு போனவ எண்டு பிறகு சொன்னா. இடுப்புக்குக் கீழே சேலை முழுக்க நனைஞ்சதாம். அவ திருப்பி அனுப்பவும் இல்லை, ஏசவும் இல்லை. சேலைக்கு மேலே போட முடியாது எண்டு நாலு சொல்லில் எழுதியிருக்கலாம்.

இப்ப குடை. இதில் பொய் இன்னும் நுட்பமானது, ஏனெண்டால் இலக்கத்தோடு வருகிற பொய். மொத்த வியாபாரிகளின் பட்டியலில் 55cm × 8K எண்டு இருக்கும். வாசிக்கத் தெரிந்தால் இது நேர்மையான குறிப்புத்தான். 55 எண்டது ஒரு கம்பியின் நீளம், 8 எண்டது கம்பிகளின் எண்ணிக்கை. குடையின் அகலம் இல்லை. இதை எடுத்து சில்லறைக்காரர் 55ஐ இரண்டால் பெருக்கி ‘விட்டம் 110 சென்ரிமீற்றர்’ எண்டு போடுவார். நான் போட்டனான்.

குடை தட்டையான தட்டு இல்லையே. வளைந்திருக்குது. ஒரு கம்பி நுனியில் இருந்து உச்சி வழியாக எதிர்க் கம்பி நுனி வரை துணிக்கு மேலால் நாடாவை ஓட்டினால் 110 வரும். குடையை விரித்துக் கவிழ்த்து, நுனிக்கு நுனி நேராக அளந்தேன். 96 சென்ரிமீற்றர். மழை விழுகிறது நேர்கோட்டு அகலத்துக்குள்தான், வளைவுக்கு மழை சலுகை தராது. 14 சென்ரிமீற்றர்தானே எண்டு நினைக்காதேங்கோ. பரப்பளவாகப் பார்த்தால் சொன்னதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இல்லை. ‘இரண்டு பேர் போகலாம்’ எண்டு எழுதின குடையில் இரண்டு பேரின் வெளித்தோளும் நனைகிறது இதனால்தான். இரண்டு கம்பிக்கு இடையில் துணி உள்வளைந்து இருப்பதால் அங்கே அகலம் இன்னும் கொஞ்சம் குறையும்.

குடைத் துணியில் ‘பொஞ்சி 190T’ எண்டு போட்டிருக்கும். பொஞ்சி எண்டது ஒரு காலத்தில் சீனத்துப் பட்டுத்துணியின் பெயர். இப்ப குடையில் வருகிறது பொலியெஸ்ரர்தான், பெயர் மட்டும் பட்டு. 190 எண்டது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக உள்ள இழைகளின் மொத்தத் தொகை. நெருக்கமான நெசவு எண்டு சொல்லலாம், நீர்புகா எண்டு சொல்லேலாது. அடிச்சு ஊத்துகிற மழையில் பெரிய துளி துணியில் மோதுகிற வேகத்துக்கு உள்பக்கம் மெல்லிய தூவானம் விழும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தெரியும். உள்பக்கம் கறுப்பாகவோ வெள்ளியாகவோ பூச்சு உள்ள குடையில் இது குறைவு. பூச்சு இருக்கா இல்லையா எண்டதை எழுத ஒரு சொல் போதும். தூவானம் எண்டு எங்களிடம் இவ்வளவு வடிவான சொல் இருக்க, அதை ஒரு குடை விற்பனையிலும் நான் காணேல்லை.

கடைசியாக மடித்த அளவு. இது சின்ன விஷயம் எண்டு நினைத்திருந்தேன். ‘பையில் வைக்கலாம்’ எண்டு எழுதியிருந்தேனே, எந்தப் பை? கோட் பைக்கற்றில் வந்தபோது 26 × 19 × 4 சென்ரிமீற்றர். தொழிற்சாலையில் அமுக்கி மடித்தது. வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நானே திருப்பி மடித்தேன், அது தந்த உறைக்குள் போகவே மாட்டன் எண்டது. மூன்றாம் தரம் மடித்து, முழங்காலால் அமத்தி உள்ளே தள்ளி அளந்தால் 30 × 21 × 9. தடிப்பு இரண்டு மடங்கைவிடக் கூட. ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே இது ஹெல்மெற்றுடன் சேர்ந்து போகாது. குடை பரவாயில்லை, மூன்று மடிப்புக் குடை உறையோடு 25 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் தடிப்பு. ஆனால் அதுவும் காய்ந்த குடை. நனைஞ்ச குடையை அப்படி இறுக்கிச் சுருட்டிறது ஆர்? ஆகவே எழுத வேண்டிய அளவு, வாங்கினவர் தன் கையால் மடித்த பிறகு வருகிற அளவு. பைக்கற்றின் அளவு கூரியர்காரருக்குத்தான் உதவும்.

இப்ப எங்கட பக்கத்தில் அந்தக் கோட்டுக்கு இருக்கிற விபரம் இது:

“இரண்டு துண்டு மழைக்கோட், மேல்சட்டையும் காற்சட்டையும். துணி பொலியெஸ்ரர், உள்ளே பொலியூரிதேன் பூச்சு. துணியால் தண்ணி போகாது, 1.2 மீற்றர் உயரத் தண்ணியைப் பத்து நிமிடம் தாங்கினதை வீட்டில் பார்த்தோம், ஆய்வுகூடச் சான்று இல்லை. தோள், தொப்பித் தையல்களுக்கு உள்ளே ரேப் உண்டு. காற்சட்டைக் கவட்டுத் தையலுக்கு ரேப் இல்லை. மோட்டார் சைக்கிளில் கனமழைக்குள் தொடர்ந்து ஓடினால் இருக்கிற இடம் நனையும். நடப்பதற்கும் கிட்டத் தூர ஓட்டத்துக்கும் பொருந்தும். நெஞ்சுச் சுற்று 118 செ.மீ., முதுகு நீளம் 76, உள்கால் 70. இருந்தால் காற்சட்டை ஒரு சாண் மேலே ஏறும். சேலைக்கு மேலே போட முடியாது. கையால் மடித்தால் 30 × 21 × 9 செ.மீ. காய வைத்து மடிக்கவும், ஈரத்தோடு வைத்தால் பூச்சு உரியும்.”

“ஆர் இவ்வளத்தையும் வாசிக்கிறது?” எண்டு மச்சாள் கேட்டா. வாசிக்காதவர்கள் படத்தையும் விலையையும் பார்த்து வாங்கட்டும், அவர்கள் முந்தியும் வாசிக்கவில்லை. வாசிக்கிறவர்கள் இப்ப இன்பொக்ஸில் கேட்கிற கேள்வி மாறியிருக்குது. முந்தி “இது உண்மையா வோட்டர்புரூவோ?” எண்டு கேட்பினம், நான் “ஓம்” எண்டு போடுவேன். இப்ப “மாங்குளத்தில இருந்து வவுனியா போக இது காணுமோ?” எண்டு கேட்கினம். காணாது எண்டு போடுறன். கவட்டுக்கும் ரேப் ஒட்டின கோட் புறக்கோட்டையில் இருக்குதாம், 3,900 ரூபா கேட்கிறார்கள். அதை எடுத்துப் பார்க்கிற வரை அதைப் பற்றியும் ஒண்டும் எழுதமாட்டன்.

பழைய கோட் இன்னும் முப்பத்தேழு கிடக்கு. ஒவ்வொரு பைக்கற்றிலும் ‘100%’ ஸ்ரிக்கர். உரிச்சால் பொலித்தீனும் சேர்ந்து கிழியுது. அதனால் வெள்ளைக் கடதாசியில் ‘கவட்டுத் தையலுக்கு ரேப் இல்லை’ எண்டு எழுதி அதுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறம். நேற்றிரவு வரை இருபத்திரண்டு முடிஞ்சுது.